2042-ல் முடிய வேண்டிய கடன்

2022 ஏப்ரலில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 6.75%, தவணைக் காலம் 20 ஆண்டுகள், மாதத் தவணை 22,811 ரூபாய். 2042-ல் கடன் முடிந்துவிடும், அதற்குள் பிள்ளைகள் படிப்பை முடித்திருப்பார்கள், ஓய்வு பெறவும் இரண்டு மூன்று ஆண்டுகள் மிச்சமிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். ஓர் ஆண்டு தவறாமல் தவணை கட்டுகிறார். அதற்குள் வட்டி 9.25% ஆகிவிடுகிறது. தவணைத் தொகை மட்டும் மாறவில்லை, அதே 22,811 ரூபாய்தான் மாதாமாதம் கணக்கிலிருந்து போகிறது. ஆனால் இதே தவணையைக் கட்டிக்கொண்டே போனால் கடன் எப்போது முடியும் என்று கணக்கிட்டால், விடை 2072.

இருபது ஆண்டுக் கடன் ஐம்பது ஆண்டுக் கடனாகிவிட்டது. இதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. ஓர் ஆண்டுக்குப் பிறகு அவருடைய பாக்கி அசல் சுமார் 29 லட்சத்து 26 ஆயிரம். அதற்கு 9.25% வீதம் ஒரு மாத வட்டி மட்டும் 22,559 ரூபாய். அவர் கட்டும் 22,811-ல் வட்டி போக அசலுக்குச் சேர்வது 252 ரூபாய். முதல் தவணையில் அசலுக்குப் போனது 5,936 ரூபாய்.

அந்த ஓர் ஆண்டில் அவர் எந்தத் தவணையும் தவறவில்லை, புதிதாகக் கடனும் வாங்கவில்லை. நடந்ததெல்லாம் மும்பையில் நடந்தது. 2022 மே 4 அன்று, வழக்கமான கூட்ட அட்டவணைக்கு வெளியே கூடிய ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு, ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கியது. ஜூனில் 4.90, ஆகஸ்டில் 5.40, செப்டம்பரில் 5.90, டிசம்பரில் 6.25, 2023 பிப்ரவரியில் 6.50. ஆறு அறிவிப்புகளில் மொத்தம் 2.5% ஏறியது. அந்த 2.5 ஒரு புள்ளிகூடக் குறையாமல் வீட்டுக் கடன்காரரிடம் வந்து சேர்ந்தது. அதே ஓர் ஆண்டில், நாட்டின் மிகப் பெரிய வங்கியான ஸ்டேட் வங்கியின் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கான வட்டி 2.70 சதவீதத்திலேயே நின்றது.

ஒரே ரெப்போ விகிதம் கடன்காரருக்கு முழுதாகவும், சேமிப்பவருக்குச் சொட்டுக்கூட இல்லாமலும் போவது எப்படி?

ரெப்போ எதன் விலை?

வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கி, அதன்மேல் கொஞ்சம் லாபம் வைத்து நமக்குக் கடன் தருகின்றன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி இருந்தால் ரெப்போ ஏறினால் எல்லாம் ஏறும், இறங்கினால் எல்லாம் இறங்கும். நடைமுறை வேறு. வங்கி நமக்குக் கடனாகத் தரும் பணத்தில் பெரும்பகுதி, நம்மைப் போன்றவர்கள் அதே வங்கியில் போட்டுவைத்த பணம்தான். ரிசர்வ் வங்கியிடமிருந்து வருவது அதில் மிகச் சிறிய பங்கு.

ரெப்போ என்பது மிகக் குறுகிய காலப் பணத்தின் விலை. ஒரு வங்கிக்கு இன்று மாலை கணக்கை நேர்செய்யப் பணம் குறைகிறது. அரசுப் பத்திரங்களை ரிசர்வ் வங்கியிடம் ஈடாக வைத்துச் சில நாள்களுக்குப் பணம் வாங்குகிறது. அதற்கான வட்டிதான் ரெப்போ. இன்னொரு வங்கியிடம் பணம் மிஞ்சிக் கிடந்தால் அதை ரிசர்வ் வங்கியிடமே ஓர் இரவுக்குப் போட்டுவைக்கலாம். அதற்கு ரெப்போவைவிட 0.25% குறைவாக வட்டி கிடைக்கும். வேறு வழியே இல்லாமல் அவசரத்துக்குக் கடன் கேட்டால் ரெப்போவைவிட 0.25% கூடுதலாகக் கட்ட வேண்டும். வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கைமாற்று வாங்கும்போது வட்டி பெரும்பாலும் இந்த இரண்டு கரைகளுக்கு நடுவிலேயே ஓடும். ரிசர்வ் வங்கியின் கை நேரடியாக எட்டுவது இந்த ஓர் இரவுச் சந்தை வரைதான்.

அங்கிருந்து இருபது ஆண்டு வீட்டுக் கடனுக்கும் மூன்றாண்டு வைப்புக்கும் வெகு தூரம். நடுவில் இருப்பவை வங்கியின் பழைய வாக்குறுதிகள். 2024-ல் ஒருவர் மூன்றாண்டுக்கு 7% வட்டியில் பணம் போட்டிருந்தால், 2025-ல் ரெப்போ எவ்வளவு இறங்கினாலும் 2027 வரை அவருக்கு 7% கொடுத்தே ஆக வேண்டும். வங்கி திரட்டிய பணத்தின் சராசரி விலை இப்படிப்பட்ட லட்சக்கணக்கான வாக்குறுதிகளின் கூட்டு. பழைய வைப்புகள் முதிர்ந்து, புதியவை புதிய வட்டியில் வந்தால்தான் அந்தச் சராசரி நகரும். ‘எங்கள் செலவு குறையவில்லையே, கடன் வட்டியை எப்படிக் குறைப்பது?’ என்று வங்கிகள் பல ஆண்டுகள் கேட்டதில் ஓரளவு நியாயம் இருந்தது. ஆனால் ரெப்போ ஏறும் காலத்தில் இதே கேள்வியை அவை கேட்டுக்கொண்டதில்லை.

வாசல்களை மாற்றிப் பார்த்த பத்து ஆண்டுகள்

இந்தச் சிக்கலுக்கு ரிசர்வ் வங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பல வழிகளை முயன்றது. 2010 ஜூலை 1 முதல் ஒவ்வொரு வங்கியும் தன் ‘அடிப்படை வட்டி’யை அறிவிக்க வேண்டும், சில விலக்குகள் தவிர அதற்குக் கீழே யாருக்கும் கடன் தரக் கூடாது என்று விதித்தது. அதைக் கணக்கிடும் முறையை வங்கிகளே தீர்மானித்தன. பெரும்பாலும் பணத்தின் சராசரிச் செலவை எடுத்துக்கொண்டதால், அது ஆமை வேகத்தில் நகர்ந்தது. 2016 ஏப்ரல் 1 முதல் எம்.சி.எல்.ஆர். என்ற முறை வந்தது. அதில் சராசரியைப் பார்க்காமல், வங்கி இன்று புதிதாகத் திரட்டும் பணத்துக்கு என்ன செலவாகிறதோ அதை வைத்துக் கணக்கிட வேண்டும்.

அடுத்த சில மாதங்களிலேயே ஒரு பெரிய சோதனை வந்தது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆனபோது, மக்கள் கையிலிருந்த ரொக்கத்தில் பெரும்பகுதி வங்கிகளில் வந்து குவிந்தது. சேமிப்புக் கணக்குகளில் மலிவான பணம் நிரம்பியது. அந்த டிசம்பரில் ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.25 சதவீதத்திலிருந்து அசைக்கவில்லை. ஆனாலும் 2017 ஜனவரி 1 அன்று ஸ்டேட் வங்கி தன் ஓராண்டு எம்.சி.எல்.ஆர்.-ஐ 8.90 சதவீதத்திலிருந்து ஒரே அடியாக 8% ஆக்கியது. ரெப்போ சாதிக்காததை வைப்புப் பணத்தின் வெள்ளம் ஒரே நாளில் சாதித்தது. வங்கியின் வட்டியை உண்மையில் ஆள்வது வைப்புப் பணத்தின் வரத்துதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஆனால் அந்த வெள்ளம் எல்லோர் வயலிலும் பாயவில்லை. 2016-க்கு முன் கடன் வாங்கியவர்கள் அடிப்படை வட்டியின் கீழ் இருந்தார்கள். அது கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஒரே வங்கியில், ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டுக்குக் கடன் வாங்கிய இருவரில் பழையவர் ஒரு சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

2017-ல் ஜனக் ராஜ் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த உள் ஆய்வுக் குழு இதை ஆராய்ந்தது. வைப்புச் செலவு குறைந்தபோதும் சில வங்கிகள் அடிப்படை வட்டியைக் குறைக்கவில்லை என்றும், கணக்கீட்டு முறையைத் தம் விருப்பப்படி வளைத்தன என்றும் அது கண்டறிந்தது. அளவுகோல் வங்கியின் கையில் இருக்கும்வரை அளவு சரியாக வராது என்பதே அதன் முடிவின் சாரம். வங்கி தொட முடியாத, வெளியில் இருக்கும் ஒரு விகிதத்தோடு கடனைக் கட்ட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

அந்தப் பரிந்துரை 2019 அக்டோபர் 1-ல் விதியானது. அன்று முதல் வங்கிகள் தரும் புதிய மிதக்கும் வட்டி வீட்டுக் கடன்கள் எல்லாம் வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட வேண்டும். ரெப்போவாக இருக்கலாம், மூன்று மாத அல்லது ஆறு மாத அரசுக் கருவூல உண்டியலின் வட்டியாகவும் இருக்கலாம். பெரும்பாலான வங்கிகள் ரெப்போவைத் தேர்ந்தெடுத்தன. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் விதி.

ரெப்போ மாறிய உடனே வீட்டுக் கடன் வட்டியும் மாறுவது சந்தையின் இயல்பால் அல்ல, இந்த விதியால்தான். வங்கியின் பணச் செலவு குறைந்ததா கூடியதா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை.

கடன் தாளில் மூன்று வரிகள்

இந்த முறையில் வீட்டுக் கடன் வட்டி இரண்டு எண்களின் கூட்டல். ஒன்று ரெப்போ. மற்றது அதன்மேல் வங்கி சேர்க்கும் பங்கு. வங்கிக்காரர்கள் அதை ஸ்பிரெட் என்பார்கள். நம் கடன்காரரின் 6.75% என்பது அன்றைய ரெப்போ 4.00, ஸ்பிரெட் 2.75. ரெப்போ 6.50 ஆனபோது ஸ்பிரெட் மாறாமல் 9.25 ஆனது.

மூன்றாவது வரி, வட்டி புதுப்பிக்கும் தேதி. மும்பையில் அறிவிப்பு வெளியான அன்றே எல்லாக் கடனும் மாறிவிடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் கடன் என்றால், முந்தைய புதுப்பிப்பு அறிவிப்புக்குச் சில நாள் முன்னால் நடந்திருந்தால் ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். சில வங்கிகள் மாதாமாதம் புதுப்பிக்கின்றன. ‘டிசம்பரில் குறைத்தார்களே, எனக்கு ஏன் இன்னும் குறையவில்லை?’ என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இந்தத் தேதியில் இருக்கிறது.

வட்டி ஏறும்போது தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டுவது வங்கிகளின் பழைய வழக்கம். மாதத் தவணை தானாகக் கணக்கிலிருந்து கழியும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். தொகை மாறினால் வாடிக்கையாளர் அதிர்ச்சி அடைவார், சிலரால் கட்டவும் முடியாது. காலம் நீண்டால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆறு அறிவிப்புகளும் இப்படியே ஓசையில்லாமல் காலத்தில் ஏறின.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. நம் கணக்கில் 252 ரூபாய் மிஞ்சியது. வட்டி இன்னும் கால் சதவீதம் ஏறியிருந்தால் மாத வட்டியே தவணையைத் தாண்டியிருக்கும். பிறகு கட்டக் கட்டக் கடன் குறையாது, வளரும். உண்மையில் வங்கிகள் கடன்காரரின் வயதையும் ஓய்வுக் காலத்தையும் பார்த்து ஒரு கட்டத்தில் நீட்டிப்பை நிறுத்தித் தவணையை உயர்த்தும்; எனவே யாருடைய கடனும் 2072 வரை போக விடமாட்டார்கள். ஆனால் அதற்குள் பல மாதங்கள் வீணாகிவிடும்.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்காகவே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணையும் காலமும் என்ன ஆகும் என்பதை வங்கி தெரிவிக்க வேண்டும். தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் சேர்ந்தா, ஒரு பகுதியை முன்கூட்டியே அடைப்பதா என்று தேர்வு செய்யும் உரிமையைக் கடன்காரருக்குத் தர வேண்டும். நீட்டிப்பு என்ற பெயரில் கடன் வளரக் கூடாது. கட்டியது எவ்வளவு, அதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதித் தவணைகள் எத்தனை என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும். கடன் நோயின் ரத்தப் பரிசோதனை இந்த அறிக்கைதான். அசலுக்குப் போகும் தொகையும் மீதித் தவணைகளின் எண்ணிக்கையும் போன அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்.

நம் கடன்காரர் காலத்தை நீட்டாமல் 2042-லேயே முடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தால், தவணை 22,811-லிருந்து 27,299 ஆகியிருக்கும். மாதம் 4,488 ரூபாய் கூடுதல். நடுத்தரக் குடும்பத்துக்கு அது ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமாக இருக்கலாம். ஆனால் உண்மையான சுமை அதுதான். காலத்தை நீட்டியபோது அது மறைந்திருந்தது, மறைந்துவிடவில்லை.

ஒரே வங்கியில் இரண்டு விலை

2023-ல் இன்னொரு கசப்பும் பலருக்கு நேர்ந்தது. பழைய கடன்காரர் 9.25% கட்டிக்கொண்டிருக்கும்போது, அதே வங்கி புதிதாக வருபவருக்கு எட்டரை சதவீத அளவில் கடன் தருவதாக விளம்பரம் செய்தது. ரெப்போ இருவருக்கும் ஒன்றுதான். வேறுபட்டது ஸ்பிரெட். புதியவரைப் பிடிக்க வங்கிகளுக்குள் போட்டி, அதனால் அவருக்கு ஸ்பிரெட் 2.00. ஏற்கெனவே உள்ளவருக்கு ஒப்பந்தத்தில் எழுதிய 2.75.

ஸ்பிரெட்டை வங்கி நினைத்தபோது ஏற்ற முடியாது. கடன்காரரின் தவணைப் பழக்கமோ கடன் தகுதியோ பெரிதும் மாறினால் மட்டும் அதன் ஒரு பகுதியை மாற்றலாம். நிர்வாகச் செலவு போன்ற மற்றப் பகுதிகளை மூன்றாண்டுக்கு ஒரு முறைதான் தொடலாம். பழையவரைக் காக்கும் இந்த விதிதான் அவரை உயர்ந்த ஸ்பிரெட்டில் பூட்டியும் வைத்தது. 2025 அக்டோபர் முதல், கடன்காரருக்கு நன்மையாக இருந்தால் மூன்றாண்டு முடியும் முன்பே ஸ்பிரெட்டைக் குறைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. அனுமதிதான், கட்டாயம் அல்ல. எனவே எழுத்து மூலம் கேட்பவருக்கே அது கிடைக்க வாய்ப்பு அதிகம். மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். தனிநபரின் மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்க 2012-லேயே தடை வந்துவிட்டது. புதிய வங்கியின் செயலாக்கக் கட்டணம், சட்ட ஆய்வுக் கட்டணம், ஆவணப் பதிவுச் செலவு ஆகியவற்றைக் கூட்டி, மிச்சமாகும் வட்டியோடு ஒப்பிட்டால் போதும்.

இவையெல்லாம் வெளி அளவுகோலோடு கட்டிய வங்கிக் கடன்களுக்கு. 2024 இறுதியில் வங்கிகளின் மிதக்கும் வட்டிக் கடன்களில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான் அப்படி இருந்தது. மீதியில் பெரும்பகுதி இன்னும் எம்.சி.எல்.ஆர். முறையில். ஓராண்டு எம்.சி.எல்.ஆர். கடனுக்கு வட்டி ஆண்டுக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். ஜனவரியில் புதுப்பித்தவருக்குப் பிப்ரவரியின் குறைப்பு அடுத்த ஜனவரியில்தான் தெரியும். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு 2019 விதி பொருந்தாது. அவை தாமே அறிவிக்கும் ஒரு முதன்மை வட்டியை வைத்துக் கணக்கிடுகின்றன, அதை எப்போது எவ்வளவு குறைப்பது என்பது அவற்றின் முடிவு.

ஆற்றின் மறுகரை

ஒவ்வொரு கடன்காரருக்கும் எதிரில் ஒரு வைப்பாளர் இருக்கிறார். அவருக்கு ரெப்போ ஏன் நேராகப் போய்ச் சேருவதில்லை?

ஒரு முறை சேர்த்துப் பார்த்தார்கள். 2019 மே 1 முதல் ஸ்டேட் வங்கி, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருப்புள்ள சேமிப்புக் கணக்குகளின் வட்டியை ரெப்போவோடு கட்டியது. ரெப்போவைவிட 2.75% குறைவு என்பது கணக்கு. கடனும் வைப்பும் ஒரே கயிற்றில் ஏறி இறங்கினால் வங்கிக்கு நட்டம் வராது, ரெப்போவின் வேகமும் குறையாது என்பது எண்ணம். அடுத்த சில மாதங்களில் ரெப்போ வேகமாக இறங்கியது. வங்கி அந்த இணைப்பை விட்டுவிட்டு, 2020 மார்ச்சில் எல்லா இருப்புக்கும் 3% என்று தானே நிர்ணயித்தது. கொரோனா வந்து ரெப்போ 4% ஆனபோது பழைய கணக்கு நீடித்திருந்தால் சேமிப்பாளருக்கு 1.25% தான் கிடைத்திருக்கும். வாழ்நாள் சேமிப்பை வங்கியில் போட்டவரிடம் அப்படி ஒரு வட்டியைச் சொல்லிவிட்டு, அவர் பணத்தை எடுக்காமல் இருப்பார் என்று எந்த வங்கியும் எதிர்பார்க்க முடியாது.

இணைப்பு இல்லாததால் நேர்ந்ததும் கவனிக்க வேண்டியது. ரெப்போ நான்கிலிருந்து ஆறரைக்கு ஏறியபோது அந்தச் சேமிப்பு வட்டி 2.70-லிருந்து ஏறவே இல்லை. 2025-ல் ரெப்போ இறங்கத் தொடங்கியதும், அந்த ஜூனில் அது 2.50 ஆனது. மாதச் செலவுக்காகவும் அவசரத்துக்காகவும் வைத்திருக்கும் பணத்தை மக்கள் கால் சதவீதத்துக்காக இடம் மாற்றுவதில்லை என்பது வங்கிகளுக்குத் தெரியும். சேமிப்பு வட்டியை நிர்ணயிக்கும் சுதந்திரம் அவற்றுக்கு 2011 அக்டோபரில் வந்தது. அதை ஏற்றத்துக்குப் பயன்படுத்திய பெரிய வங்கிகள் மிகக் குறைவு.

குறித்த கால வைப்பின் கதை வேறு. அங்கே வைப்பாளர் வட்டியைப் பார்த்துப் பேரம் பேசுவார், அடுத்த வங்கிக்குப் போவார், பரஸ்பர நிதிக்கும் போவார். 2024-ல் வைப்புகள் கடன் வேகத்துக்கு ஈடாக வளரவில்லை என்று அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸே கவலை தெரிவித்தார். பணம் தேவைப்படும் வங்கி, ரெப்போ இறங்கினாலும் வைப்பு வட்டியை அதே அளவு குறைக்கத் தயங்கும். 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு தடவைகளில் ரெப்போ 6.50-லிருந்து 5.25 ஆனது, மொத்தம் 1.25% இறக்கம். ஸ்டேட் வங்கியின் ஓராண்டு வைப்பு வட்டி அதே ஆண்டில் 6.8 சதவீத அளவிலிருந்து 6.25 அளவுக்கு, ஏறக்குறைய அரை சதவீதம்தான் இறங்கியது. அதற்கே ரிசர்வ் வங்கி, வங்கிகள் தன்னிடம் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய ரொக்கக் கையிருப்பை 4 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைத்து, சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாயை விடுவிக்க வேண்டியிருந்தது. 2017-ல் நோட்டு வெள்ளம் செய்த வேலையை இம்முறை கொஞ்சம் திட்டமிட்டே செய்தார்கள்.

அஞ்சலகமும் வங்கிகளுக்கு ஒரு வேலி. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 2023 ஏப்ரல் முதல் 8.2%. பொது வருங்கால வைப்பு நிதிக்கு 2020 ஏப்ரல் முதல் 7.1%. இவற்றை நிர்ணயிப்பது அரசு. அரசுப் பத்திரங்களின் வட்டியை ஒட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவதற்கான கணக்கும் உண்டு. அந்தக் கணக்கின் வழி எவ்வளவு கடினம் என்பது 2021 மார்ச் 31 அன்று தெரிந்தது. பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டியை 6.4% ஆக்குவது உள்படப் பல குறைப்புகள் அன்று அறிவிக்கப்பட்டன. மறுநாள் காலையிலேயே நிதியமைச்சர் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அஞ்சலகத்தில் 8.2% இருக்கும்போது, அதற்கு வெகு கீழே போனால் ஓய்வூதியரின் பணம் போய்விடும் என்று வங்கிக் கிளை மேலாளருக்குத் தெரியும்.

ஆக, கடன் வட்டி விதியால் உடனே இறங்குகிறது. வைப்பு வட்டி பழைய வாக்குறுதிகளாலும் போட்டியாலும் மெதுவாக இறங்குகிறது. நடுவில் இருக்கும் இடைவெளிதான் வங்கியின் வருமானம். ரெப்போ ஏறும் காலத்தில் அந்த இடைவெளி விரியும், இறங்கும் காலத்தில் சுருங்கும். சுருங்கும்போது வங்கி முதலில் கை வைப்பது, எதிர்ப்பு குறைவாக வரும் சேமிப்புக் கணக்கின் வட்டியில்.

பத்து லட்சம் ரூபாயை ஓராண்டு வைப்பில் போட்டு, அதன் வட்டியை மருந்துச் செலவுக்கு வைத்திருக்கும் ஒருவருக்கு இதன் பொருள் என்ன? 6.8% என்றால் ஆண்டுக்கு 68,000 ரூபாய், 6.25% என்றால் 62,500. வருமானத்தில் 5,500 ரூபாய் குறைகிறது. ஆனால் குறைவது வைப்பு முதிர்ந்து புதுப்பிக்கும் நாளில்தான். முதிர்வுத் தேதிகளை ஒரே மாதத்தில் குவிக்காமல், ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு என்று பிரித்து வைத்தவருக்கு இந்த இறக்கம் ஒரே அடியாக விழுவதில்லை.

மீண்டும் அந்தக் கடன்

2072-ல் தொடங்கிய கணக்கை முடிப்போம். நம் கடன்காரர் ஓராண்டு முடிவில் 27,299 ரூபாய்த் தவணைக்கு ஒப்புக்கொண்டு, மூன்றாண்டுகள் கட்டினார் என்று கொள்வோம். பாக்கி அசல் சுமார் 27 லட்சத்து 31 ஆயிரம், மீதி 192 தவணைகள். கணக்கின் எளிமைக்காக 2025-ன் குறைப்புகள் எல்லாம் இந்த இடத்தில் ஒரே நாளில் வந்ததாக எடுத்துக்கொண்டால், வட்டி 5.25-ம் 2.75-ம் சேர்ந்து 8%.

இப்போது அவருக்கு இரண்டு வழிகள். தவணையைக் குறைக்கச் சொன்னால் அது 25,257 ஆகும், மாதம் 2,042 ரூபாய் கையில் நிற்கும், கடன் 2042-ல் முடியும். பழைய தவணையையே தொடர்ந்தால் 192 மாதங்கள் 166 ஆகும். கடன் 2040-ன் தொடக்கத்தில் முடியும். இரண்டாவது வழியில் மொத்தமாகக் கட்டும் தொகை சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் குறைவு.

எந்த வழியில் போவது என்பதை அவர் சொல்லாவிட்டால் வங்கியின் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும். சில வங்கிகளில் தவணை குறையும், சில வங்கிகளில் காலம் குறையும். எது நடந்தது என்பதை அடுத்த மூன்று மாத அறிக்கையில் மீதித் தவணைகளின் எண்ணிக்கை காட்டும். 166 என்று இருந்தால் அவர் முன்பு கட்டிய கூடுதல் தவணை இன்னும் வேலை செய்கிறது. 192-லிருந்து மாதத்துக்கு ஒன்றாக மட்டும் குறைந்துகொண்டிருந்தால், பழைய தவணையைத் தொடர விரும்புவதாக ஒரு கடிதம் கொடுத்து, கிளையின் முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ள வேண்டிய நேரம் அது.